ஐம்பது போனால் அந்த இடத்துக்கு யார்?

இருமத் தேடல் மரத்தின் விதி சின்னது. எந்தக் கணுவை எடுத்தாலும் அதைவிடச் சிறிய எண்களெல்லாம் இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். ஒரு எண்ணைத் தேடும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கத்தைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம். எண்ணைச் சேர்ப்பதிலும் சிரமமில்லை. நீக்கப் போனால்தான் வில்லங்கம்.

தாளில் ஒரு மரம் வரைந்துகொள்ளுங்கள். வேர் 50. அதன் பிள்ளைகள் 30, 70. 30-க்குக் கீழே 20, 40. 70-க்குக் கீழே 60, 80. 60-க்கு வலப்பக்கம் மட்டும் ஒரு பிள்ளை, 65.

20-ஐ நீக்குவதென்றால் வெட்டிவிட்டால் போதும். 60-ஐ நீக்கினால் 65-ஐ மேலே இழுத்து 70-இன் இடப்பக்கம் கட்டலாம். ஆனால் 50? அதற்கு இரண்டு பிள்ளைகள். அது போனபின் மேலே காலியாவது ஓரிடம், கீழே தொங்குவது இரண்டு கிளைகள்.

அமெரிக்கரான தாமஸ் ஹிபர்ட் 1962-இல் வெளியிட்ட வழி இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. 50-ஐ அடுத்து வரும் எண்ணைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். வலப்பக்கம் ஒரு படி இறங்கினால் 70. அங்கிருந்து இடப்பக்கமாகவே போனால் 60. அதற்குமேல் இடப்பக்கம் வழியில்லை. வலக்கிளையில் ஆகச் சிறியது 60 என்பதால், வேரில் அமர்ந்தாலும் விதி குலையாது. அதற்கு இடப்பிள்ளையும் இருக்க முடியாது. இருந்திருந்தால் அதுவல்லவா அடுத்த எண்! ஆக, 60-ஐ அதன் பழைய இடத்திலிருந்து கழற்றுவது, ஒற்றைப் பிள்ளை உள்ள கணுவை நீக்கும் பழைய வேலைதான். 65 போய் 70-இன் இடப்பக்கம் சேர்கிறது.

நிரல் எழுதுபவர்கள் வழுக்குவது வேறோர் இடத்தில். 30-ஐ நீக்குகிறோம் என்று வையுங்கள். வலப்பக்கம் இறங்கியதுமே 40. அதற்கு இடப்பிள்ளை இல்லை, அதுவே அடுத்த எண். அதன் பெற்றோர் நீக்கப்படும் 30-தான். ‘அடுத்த எண் எப்போதும் பெற்றோரின் இடப்பக்கம்தான் இருக்கும்’ என்று நம்பி எழுதிய நிரல், வலப்பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கத்தை அறுக்கும். 20 சத்தமில்லாமல் காணாமல் போகும், பழைய இடத்திலும் ஒரு 40 தங்கிவிடும். இடம், கணு, வலம் என்ற வரிசையில் மரத்தைப் படித்தால் குட்டு வெளிப்படும்: 20, 40, 50 என்று தொடங்க வேண்டியது 40, 40, 50 என்று வரும். எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தால் ஏமாந்துவிடுவோம், அது பொருந்திப்போகும்.

சரியாக எழுதினாலும் ஹிபர்ட் வழியில் ஓரவஞ்சனை உண்டு. எப்போதும் வலக்கிளையிலிருந்தே எடுப்பதால், நீக்குவதும் சேர்ப்பதுமாக வெகுநேரம் ஓடினால் மரம் இடப்பக்கம் கனக்கும், தேடலும் நீளும். ஜெஃப்ரி எப்பிங்கர் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து 1983-இல் வெளியிட்டார். ஒரு சமயம் வலக்கிளையின் ஆகச் சிறியது, மறு சமயம் இடக்கிளையின் ஆகப் பெரியது என்று இரு பக்கமும் எடுத்தபோது அவருடைய சோதனைகளில் அந்தக் குறை தலைகாட்டவில்லை.