பித்தநாளக் கிருமித்தொற்று: மருந்து மட்டும் போதாது

பசறைப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். இது தனியொருவரின் கதையன்று. இந்நோய் வழமையாகச் செல்லும் பாதையை விளக்குவதற்கான எடுத்துக்காட்டே. வியாழன் இரவு அவருக்கு மேல்வயிற்றின் வலப்பக்கத்தில் வலி தொடங்குகின்றது. வாயுக் கோளாறு என எண்ணி இஞ்சித் தேநீர் அருந்துகின்றார். வெள்ளியன்று உடல் நடுங்கக் குளிர்காய்ச்சல் வருகின்றது. பனடோல் விழுங்கிவிட்டுப் படுக்கின்றார். மாலையில் கண்கள் மஞ்சளாகின்றன. செங்கண்மாரி என்று கூறி வீட்டார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கின்றனர். சனிக்கிழமை மாலை அவர் பேச்சுத் தடுமாறி, சிறுநீரும் குறைந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றார். அப்போது இரத்த அழுத்தம் 80/50.

வலி, நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், மஞ்சள் நிறம் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவதைப் பிரெஞ்சு வைத்தியரான ஷார்கோ 1877ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எல்லா நோயாளரிடமும் இம்மூன்றும் தோன்றுவதில்லை. எனினும் தோன்றினால், அது ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் அடைபட்டு, அங்கு கிருமி பெருகியிருப்பதன் வலுவான அறிகுறியாகும். பெரும்பாலும் பித்தப்பையிலிருந்து நழுவிய கல்லே அடைப்பை ஏற்படுத்துகின்றது. நமது நாட்டில் எலிக்காய்ச்சலும் காய்ச்சலையும் மஞ்சள் நிறத்தையும் தரக்கூடியது என்பதால் குருதிப் பரிசோதனையும் ஸ்கான் பரிசோதனையும் இன்றியமையாதவை. ஸ்கானில் நாளத்தின் அடிப்பகுதியிலுள்ள கல் தென்படாமற் போகலாம். நாளம் விரிந்திருப்பதே முக்கிய தடயமாகும்.

பித்தப்பை அழற்சி இதனின்றும் வேறானது. அங்கு பித்தப்பையின் வாய் மட்டுமே அடைபடுகின்றது. ஈரலின் பித்தநீர் தடையின்றி ஓடுவதால் மஞ்சள் நிறம் பொதுவாகத் தோன்றுவதில்லை. அதற்குரிய சிகிச்சை, உடல்நிலை இடங்கொடுத்தால் சில நாட்களுக்குள் பித்தப்பையை அகற்றுவதாகும்.

நாளம் அடைபட்டவரிடத்தில் மருந்து மட்டும் ஏன் போதாது? அடைப்பினால் நாளத்தினுள் அழுத்தம் உயர்கின்றது. அதனால் கிருமிகள் பின்னோக்கித் தள்ளப்பட்டு ஈரல் வழியே குருதியில் கலக்கின்றன. அதேவேளை, ஈரல் பித்தநீரைச் சுரப்பது குறைவதால் நுண்ணுயிர் எதிரி மருந்தும் அதனூடே கிருமியிருக்கும் இடத்தைச் சரிவரச் சென்றடைவதில்லை. மருந்து குருதியிலுள்ள கிருமியை அழிக்கலாம். ஊற்று திறந்தே இருக்கின்றது.

ஆயினும் முதல் மருந்து தாமதிக்கலாகாது. அதிர்ச்சி நிலையிலுள்ளவருக்கு ஒரு மணித்தியாலத்திற்குள்ளும் ஏனையோருக்கு ஆறு மணித்தியாலத்திற்குள்ளும் அது நரம்பினூடாக ஏற்றப்பட வேண்டுமென 2018ஆம் ஆண்டின் டோக்கியோ வழிகாட்டி கூறுகின்றது. குருதி வளர்ப்புப் பரிசோதனைக்கான மாதிரி அதற்கு முன் எடுக்கப்படுகின்றது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடற் கிருமிகளே பெரும்பாலும் காரணமாவதால், மிதமான நோய்க்கு செப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தும், கடுமையான நோய்க்கு பிப்பரசிலின்-டசோபக்டாம் அல்லது மெரோபெனமும் தெரிவாகின்றன. அண்மையில் வேறு நுண்ணுயிர் எதிரிகளை உட்கொண்டவரிடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கக்கூடும். ஆகவே மருந்தகத்தில் வாங்கிய மாத்திரையின் அட்டையை வைத்தியரிடம் காட்டுவது தெரிவையே மாற்றிவிடலாம். வடிகால் சீராக அமைந்தபின் நான்கு முதல் ஏழு நாட்களுக்கு மருந்து போதுமானது.

வடிகாலுக்கான நேரம் நோயின் கடுமையைப் பொறுத்தது. மருந்துக்கு இணங்கும் இலேசான நோயில் ஆறுதலாகச் செய்யலாம். 39 பாகைக் காய்ச்சலும் 12,000ஐத் தாண்டிய வெண்குருதிக் கலங்களும் சேர்ந்திருந்தால் அது இரண்டாம் படி. இரண்டு மூன்று நாட்களுக்குள் வடித்தாக வேண்டும். அதிர்ச்சி நிலையில் இயன்றளவு விரைவாக, 12 மணித்தியாலத்திற்குள் என ஐரோப்பிய வழிகாட்டி 2019இல் வரையறுத்தது. நமது எடுத்துக்காட்டிலுள்ள தாய் வெள்ளியன்றே வந்திருந்தால் அவருக்கு நாட்கள் இருந்திருக்கும். சனிக்கிழமை மாலையில் மணித்தியாலங்களே எஞ்சியுள்ளன.

வாய் வழியே குடலுக்குள் குழாய்க் கமெராவைச் செலுத்தி, நாளத்தின் வாயிலில் சிறு குழாயொன்றைப் பொருத்துவதே ஈ.ஆர்.சி.பி. எனும் முறையாகும். ஹொங்கொங்கில் கடும் நோயுற்ற 82 பேரிடம் நடத்தப்பட்டு 1992இல் வெளியான ஆய்வில், இவ்வாறு வடிக்கப்பட்ட 41 பேரில் நால்வரும், அறுவைச் சிகிச்சையால் வடிக்கப்பட்ட 41 பேரில் 13 பேரும் மரணமாயினர். அபாய நிலையில் கல்லை எடுக்க முயல்வதைவிடக் குழாயை மட்டும் பொருத்துவதே போதுமானது. கல்லையும் பித்தப்பையையும் பின்னர் அகற்றலாம். இவ்வசதி கிட்டாதவிடத்து விலாவின் ஊடாக ஈரலுக்குள் ஊசி செலுத்தி வடிக்கலாம்.

இவ்வசதி எல்லா ஆதார வைத்தியசாலைகளிலும் இல்லை. பதுளையிலிருந்து கொழும்பு 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. ஆகவே காய்ச்சல் தணியுமா என மூன்று நாட்கள் பார்த்துவிட்டு இடமாற்றத்தை யோசிப்பது பொருந்தாது. முதல் ஊசி ஏற்றப்படும்போதே எங்கு வடிப்பது என்ற வினாவும் எழ வேண்டும். வலியும் நடுக்கமும் மஞ்சள் கண்ணும் ஒன்றாகக் கண்ட வீட்டார், அன்றைய தினமே 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை நாடுவதே அந்த நாட்களை நோயாளிக்கு மீட்டுத் தரும்.