முப்பது வருஷம் கழிச்சும் அதே பட்டப்பெயர்

உங்க அப்பா, அம்மா போன்ல ‘பத்தாவது 1995’ மாதிரி ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கா? அப்போ இந்த எபிசோடு அவங்களுக்கும் சேர்த்துத்தான். ரீயூனியன்ல நாற்பத்தஞ்சு வயசுக்காரங்க திடீர்னு பதினஞ்சு வயசுக்காரங்களா மாறிடறாங்களே, ஏன்?

எங்க பேட்ச் கதையையே சொல்றேன். யாரும் சொல்லாமலே முதல் பெஞ்ச் ஆளுங்க முன் வரிசையில உட்கார்ந்தாங்க. அன்னைக்கு கிளாஸ் லீடரா இருந்தவன் கையிலதான் மைக். எங்க கூடப் படிச்ச ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் ‘பாக்கி’. ஃபீஸ் கட்டாதவங்க லிஸ்ட்ல அவன் பேர் அடிக்கடி வரும். வகுப்புக்கு வெளியே நிப்பான். இன்னைக்கு அவன்கிட்ட நாலு லாரி ஓடுது. ரீயூனியன் சாப்பாட்டுச் செலவுல பாதி அவனோடது. ஆனா மைக்ல வந்தது, “அடுத்து நம்ம பாக்கி!”

எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான். ரெண்டு வார்த்தை பேசிட்டு, சாப்பிடாமலே கிளம்பிட்டான். “செல்லமாத்தானே கூப்பிட்டேன்?”னு லீடர் என்கிட்ட கேட்டான். அவன் நடிக்கலை, நிஜமாவே புரியலை. அந்தப் பேரைச் சொல்லி முதல் தடவை கத்தினப்போ, ஃபீஸ் கட்ட வந்த அப்பா பின்னாடி நின்னார்னு ‘பாக்கி’ அப்புறமா என்கிட்ட சொன்னான். லீடருக்கு அது இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவர் குழுவும் 1990-ல வெளியிட்ட ஒரு ஆய்வு இதுக்குப் பொருந்தும். ஒரே ஆளை ரெண்டு சம்பவம் எழுதச் சொன்னாங்க: அடுத்தவர் தன்னைக் கோபப்படுத்தினது ஒண்ணு, தான் அடுத்தவரைக் கோபப்படுத்தினது ஒண்ணு. தான் செஞ்சதை எழுதும்போது, ‘காரணம் இருந்துச்சு, அன்னைக்கே முடிஞ்சுபோச்சு’ங்கிற மாதிரி எழுதினாங்க. தனக்கு நடந்ததை எழுதும்போது, அதோட பாதிப்பு இன்னும் தொடருதுன்னு எழுதினாங்க. ரெண்டையும் எழுதினது அதே ஆட்கள்தான். அதனால இதை நல்லவன், கெட்டவன்னு பிரிக்க முடியாது. எந்தப் பக்கம் நின்னோம்ங்கிறதுதான் நினைவை மாத்துது. இந்த ஆய்வு பள்ளிக்கூடத்தைப் பத்தினது இல்லை, ஆனா அந்த மண்டபத்துல நான் பார்த்ததும் இதேதான்.

சரி, நாலு லாரி ஏன் உதவலை? வெளியில அவனை எல்லாரும் முதலாளியாத்தான் பார்க்கறாங்க. ஆனா அவன் வகுப்புக்கு வெளியே நின்னதைப் பார்த்த அத்தனை சாட்சியும் ஒண்ணா கூடற ஒரே இடம் ரீயூனியன்தான்.

ஒரு பட்டப்பெயர் செல்லமா, குத்தலான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அது ரெண்டு பக்கமும் போகுதான்னு பாருங்க. ‘குண்டா’ன்னா, பதிலுக்கு ‘சோடாபுட்டி’ன்னு வரணும். எங்க லீடருக்குப் பட்டப்பெயரே கிடையாது. வைக்க யாருக்கும் தைரியமும் இருந்ததில்லை.

அதனால ரீயூனியன் நடத்தறவங்க ஒண்ணு செய்யலாம். நெஞ்சுல குத்திக்கற பேர் அட்டையை அவங்கவங்களே எழுதட்டும். மைக்ல அந்தப் பேரை மட்டும் கூப்பிடுங்க. மன்னிப்புக் கேக்கணும்னா, “ஏதாவது தப்பா பேசியிருந்தா”ன்னு பொதுவா குரூப்ல போடாதீங்க. தனியா கூப்பிட்டு, எதைச் சொன்னீங்களோ அதைச் சொல்லிக் கேளுங்க. பழைய பேரை வச்சே பேச ஆரம்பிக்கறதா, வேண்டாமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.