கரண்ட் ஏன் கண்ணைச் சிமிட்டுகிறது?

பழவேற்காடு ஏரிக்காற்றில் வரும் உப்பு, மின்கம்பத்துப் பீங்கான் மேல் படிகிறது. விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து பொறி தெறிக்கும். சில நேரம் கம்பிகளுக்கிடையே ஒரு பறவை சிறகை விரித்துவிடும். மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தினால் போதும், பொறி அணைந்துவிடும். மேல்நிலைக் கம்பிகளில் வரும் பழுதுகளில் பெரும்பகுதி இப்படித் தற்காலிகமானவைதான். இதற்காக ஃபியூஸ் எரிந்தால், லைன்மேன் வந்து மாற்றும்வரை குப்பமே இருட்டில் கிடக்கும்.

ரீகுளோசர் என்ற தானியங்கிச் சுவிட்ச் இதைத் தவிர்க்கிறது. ஓர் உதாரணம்: கிளைத்தடத்தில் 400 ஆம்பியர் பழுது. ஃபியூஸ் உருக 0.12 விநாடி வேண்டும். ரீகுளோசர் தன் வேக வளைவுப்படி 0.05 விநாடியில் முந்திக்கொண்டு திறந்து, சற்றுப் பொறுத்து மூடும். பெரும்பாலும் இருமுறை இப்படி முயலும். பழுது அப்போதும் நீங்காவிட்டால் தாமத வளைவுக்கு மாறி, அரை விநாடி காத்திருக்கும். அதற்குள் ஃபியூஸ் உருகி அந்தக் கிளையை மட்டும் பிரித்துவிடும்.

துணைமின் நிலையத்துக்கு அருகே இந்த உத்தி பலிக்காது. அங்கே பழுது மின்னோட்டம் மிக அதிகம். ரீகுளோசர் திறப்பதற்குள் ஃபியூஸ் உருகிவிடும். இன்னொரு விலையும் உண்டு: ஒரு கிளையின் பழுதுக்கு ஃபீடர் முழுவதும் விளக்கு சிமிட்டும்.

இருமுறை சிமிட்டி, பிறகு உங்கள் தெரு மட்டும் இருண்டால் கம்பி அறுந்திருக்கலாம். அறுந்த கம்பியில் மீண்டும் மின்சாரம் வரக்கூடும், அருகே போகாதீர்கள்.