உங்களைப் பற்றிய மெசேஜ் உங்களுக்கே வந்துடுச்சா? சண்டை இல்லாமப் பேசுறது எப்படி?

நாலு தோழிகள் சேர்ந்து ஏற்காடு டிரிப் பிளான் பண்றீங்க. குரூப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நெருங்கிய தோழி ஒருத்தியிடமிருந்து உங்களுக்குத் தனியாக ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். "அவளையும் கூப்பிடணுமாடி? பில் வந்தா மட்டும் அவளுக்கு யுபிஐ சர்வர் டவுன் ஆயிடும்!"

அந்த 'அவள்' நீங்கதான். இன்னொரு தோழிக்குப் போக வேண்டியது கை தவறி உங்களுக்கே வந்துவிட்டது. இரண்டே நிமிடத்தில் மெசேஜ் மறைந்து, 'This message was deleted' என்ற வரி மட்டும் நிற்கிறது. ஆனால், நோட்டிஃபிகேஷனிலேயே நீங்கள் முழுசாகப் படித்துவிட்டீர்கள்.

இங்கேதான் சிக்கல். நோட்டிஃபிகேஷனில் மட்டும் படித்தால் நீல டிக் விழாது. அதனால் நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அவள் தெரியாத மாதிரி நடிப்பாள், நீங்களும் நடிப்பீர்கள். அந்த ஒரு வரியைவிட இந்த நடிப்புதான் நட்பை அதிகமாகக் கெடுக்கும். எனவே, 'பார்த்துட்டேன்' என்று சொல்லிவிடுவதுதான் முதல் வேலை.

எப்போ சொல்றது?

உடனே வேண்டாம். கோபத்தில் டைப் செய்த பதிலை அனுப்பாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். 'நீ எப்பவுமே இப்படித்தான்', 'உன்னை மாதிரி ஆளுங்க' என்றெல்லாம் அதில் இருந்தால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை. அழித்துவிட்டுத் தூங்கப் போங்க. அதற்காக ஒரு வாரம் இழுக்கவும் கூடாது. நாள் போகப் போக பழைய சாட்டையெல்லாம் தோண்டி, ஒவ்வொரு வரியிலும் குத்தல் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். மறுநாளே சொல்லிவிடுவது நல்லது. அதுவரை ஸ்கிரீன்ஷாட்டை யாருக்கும் அனுப்பாதீங்க, ஸ்டேட்டஸிலும் ஜாடை பேசாதீங்க. நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால், அவள் மன்னிப்பு கேட்பதைவிட தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பாள்.

என்ன டைப் பண்றது?

"நேத்து நைட் நீ அனுப்பி டெலிட் பண்ண மெசேஜை நான் படிச்சிட்டேன்டி. சண்டை போட வரல. ஆனா கஷ்டமா இருந்துச்சு. சாயங்காலம் போன்ல பேசலாமா?"

இவ்வளவு போதும். விஷயத்தை இங்கே விவாதிக்க வேண்டாம். டைப் செய்த வார்த்தைக்குக் குரல் கிடையாது. சாதாரணமாகச் சொன்னதும் அதட்டல் மாதிரி தெரியும். "ஏதோ டெலிட் பண்ணியே, என்னது?" என்று தெரியாத மாதிரி கேட்டும் சோதிக்காதீங்க. பயத்தில் அவள் ஒரு பொய் சொல்லிவிட்டால், பிரச்னை ஒன்று இரண்டாகிவிடும்.

போனில் என்ன பேசுறது?

படித்ததை அப்படியே சொல்லுங்கள், எது வலித்தது என்று சொல்லுங்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி. "பில் விஷயத்தை நீ என்கிட்டயே சொல்லாததுதான் கஷ்டமா இருந்துச்சு. நான் நிஜமாவே காசு தராம விட்டிருக்கேனா?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். "சும்மா ஜோக்குடி" என்றால், "இருக்கலாம், எனக்கு ஜோக்கா படல" என்பது போதும். "வேற என்னெல்லாம் பேசுனீங்க?" என்று குடைய வேண்டாம். மூன்றாவது தோழியும் உள்ளே வந்து, பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அவள் சொன்னதில் உண்மையும் இருக்கலாம். போன மாசம் டிபன் சாப்பிட்ட காசு நிஜமாகவே பாக்கி என்றால், அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அது உங்கள் கணக்கு. முதுகுக்குப் பின்னால் பேசியது அவள் கணக்கு. பாக்கி வைத்தோமே என்பதற்காக, வலித்தது என்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டாம். அவள் புறம் பேசினாள் என்பதற்காகப் பாக்கியும் இல்லாமல் போகாது.

எங்கே நிறுத்தணும்?

பில், லேட்டா வருவது போன்ற விஷயங்கள் பேசினால் சரியாகும். உங்கள் உடம்பையோ சாதியையோ கிண்டல் செய்திருந்தாலோ, நம்பிச் சொன்ன ரகசியத்தைப் பகிர்ந்திருந்தாலோ கதை வேறு. அப்போதும் கத்தத் தேவையில்லை. "இதைப் படிச்சேன். இனிமே என் விஷயம் எதையும் உன்கிட்ட பேச மாட்டேன்" என்று சொல்லி விலகலாம். நிதானமாகப் பேசுகிறோம் என்பதற்காக மன்னித்தே ஆக வேண்டும் என்றில்லை.

அவள் மன்னிப்பு கேட்டாலும், டிரிப்புக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்த போனிலேயே முடிவு செய்யாதீங்க. "ரெண்டு நாள்ல சொல்றேன்டி" என்று வைத்துவிடுங்கள். அந்த இரண்டு நாளில் அவள் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார்த்துவிட்டு, டிக்கெட் போடலாம்.