அழுத்தி வழித்தால் வழவழப்பு வருமா?

சவரம் முடித்துத் தாடைக்குக் கீழே கையால் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று கொஞ்சம் மிஞ்சியிருக்கும். உடனே நாம் செய்வது, ரேசரை இன்னும் அழுத்தி அதே இடத்தில் மறுபடி இழுப்பதுதான். அப்போதைக்கு வழவழப்பாகிவிடும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவந்து எரியத் தொடங்கும்.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் அசையும் தலை கொண்ட, இரண்டு மூன்று பிளேடுள்ள ரேசர்களிலிருந்து வருவது. அவற்றில் பிளேடின் சாய்வு தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அழுத்தினால் தலை தானே திரும்பிக்கொடுக்கும். ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற, ஒற்றை பிளேடை மாட்டித் திருகும் ரேசரில் அந்த வசதி கிடையாது. பிளேடு எந்தச் சாய்வில் தோலைத் தொடுகிறது என்பதை நம் கைதான் முடிவு செய்கிறது.

அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நுரை தடவிய கன்னத்தில் ரேசரின் மேல்மூடியை மட்டும் வையுங்கள். கைப்பிடி கன்னத்துக்கு நேர்க்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் இழுத்தால் எதுவும் வெட்டுப்படாது. இழுத்துக்கொண்டே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் ‘சரசர’வென்று முடி அறுபடும் ஓசை கேட்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலான ரேசர்களில் அப்போது பிளேடுக்கும் தோலுக்கும் இடையே சுமார் 30 டிகிரி இருக்கும். கைப்பிடியை அதற்கும் கீழே இறக்கினால் பிளேடு நிமிர்ந்துகொண்டு, முடியை அறுப்பதை விட்டுத் தேங்காய் துருவுவதுபோல் தோலைச் சுரண்டும். முடியும் வெடுக்கென்று இழுபடும். கைப்பிடி மிக உயரமாக இருந்தாலோ பிளேடு முடியைத் தாண்டி வழுக்கிப் போகும். இந்த இரண்டாவது தவறால் ஆபத்தில்லை, சொரசொரப்புதான் மிஞ்சும். அதனால்தான் புதிதாகப் பழகுகிறவர்கள் கைப்பிடியைச் சற்று உயர்த்தியே பிடிப்பது நல்லது என்பேன்.

அழுத்தும்போது நடப்பது வேறு. தோல் மெத்தென்றது. அழுத்தினால் பிளேடின் கூருக்கும் அதன் கீழுள்ள காப்புத் தகட்டுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில் அது பிதுங்குகிறது. கூர் அந்தப் பிதுக்கத்தின் உச்சியைச் சீவிக்கொண்டு போகிறது. முடியும் கொஞ்சம் அடியோடு போவது உண்மைதான். கூடவே தோலின் மேற்படலமும் போகிறது. ‘ரேசரின் எடையே போதும்’ என்பார்கள். ஆனால் நின்றபடி கன்னத்தை வழிக்கும்போது எடை தோலுக்குள் இறங்குவதில்லை, தோலை ஒட்டிக் கீழ்நோக்கித்தான் போகிறது. எனவே அந்த வாக்கியத்தை ஓர் அளவாக எடுத்துக்கொள்வதே சரி: ரேசரின் தலை தோலைவிட்டு விலகாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அழுத்தம். கைப்பிடியை நுனிப்பக்கமாக விரல்களால் மட்டும் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது.

இழுப்பின் நீளம் இந்த இரண்டையும் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும். கிருதாவில் தொடங்கித் தாடையைத் தாண்டிக் கழுத்துவரை ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். கன்னத்தில் சரியாக இருந்த சாய்வு, தாடை எலும்பு வளையும் இடத்தில் மாறிவிடும்; மணிக்கட்டு அதற்கேற்பத் திரும்பியிருக்காது. எலும்பின் மேல் அழுத்தம் தானாகக் கூடும், அடுத்துள்ள பள்ளத்தில் பிளேடு தோலைத் தொடாமலே போகும். போதாததற்கு, வழியில் சேர்ந்த நுரையும் முடியும் பிளேடின் இடைவெளியை அடைத்துவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுப்பில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. தாடைவரை வந்து நிறுத்துங்கள். மற்றக் கையால் கழுத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்து அந்த இடத்தைச் சமமாக்கிக்கொண்டு, சாய்வைப் புதிதாகப் பிடித்துத் தொடருங்கள். காப்புத் தகடே இல்லாத கத்தியில் பாதி பிளேடைச் செருகி வழிக்கும் சலூன்காரரைக் கவனித்தால், அவருடைய இடது கை ஓயாமல் தோலை இழுத்துப் பிடிப்பதும் வலது கை குட்டைக் குட்டையாக இழுப்பதும் தெரியும்.

அப்படியானால் ஒட்ட வழிப்பது எப்படி? ஒரே தடவையில் முழுவதையும் எடுக்க முயலாமல் இருப்பதுதான் வழி. முதல் தடவை முடி வளரும் திசையிலேயே வழித்தால் அது குட்டையாகும். மீண்டும் நுரை தடவிக் குறுக்காக வழித்தால் இன்னும் குறையும். தோல் தாங்குமானால் மட்டும் மூன்றாவதாக எதிர்த்திசை. தாடைக்கடியில் முடி பலருக்குக் கீழ்நோக்கி வளர்வதில்லை; பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சாய்ந்திருக்கும். கன்னத்தைப்போல அங்கும் மேலிருந்து கீழாக இழுப்பவர்கள், தெரியாமலே முதல் தடவையிலேயே எதிர்த்திசையில் வழித்துக்கொண்டிருக்கலாம். ஒருநாள் சவரம் செய்யாமல் விட்டு, விரலால் எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தால் திசை பிடிபட்டுவிடும். உறுத்தாமல் விரல் வழுக்குகிற பக்கம்தான் முடி வளரும் திசை.

எங்கே தவறினோம் என்று படிகாரம் காட்டிக்கொடுக்கும். முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவிவிட்டு ஈரத்தோடு தேய்க்கும்போது சுரீரென்று எரிகிற இடத்தில் அழுத்தமோ சாய்வோ மிஞ்சியிருக்கிறது. எரிச்சலும் இல்லாமல் வழவழப்பும் வராவிட்டால் கைப்பிடியை ஒரு துளி இறக்கிப் பார்க்கலாம். எரிச்சல் எப்போதும் தாடை விளிம்பில் மட்டும் என்றால் இழுப்பு நீண்டுவிட்டது என்று பொருள்.