லைட் டியூட்டி என்றால் எத்தனை கிலோ?

உடம்பு சரியில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் விடுப்பில் இருந்துவிட்டு ஆலைக்குத் திரும்புகிறவர், பெரும்பாலும் ஒரு தாளோடுதான் வாசலைத் தாண்டுவார். "வேலைக்குத் தகுதியானவர். லைட் டியூட்டி கொடுக்கவும்" என்று அதில் எழுதி, கீழே முத்திரை குத்தியிருக்கும். அதைப் படிக்கும் சூப்பர்வைசருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் பார்வையில் லேத் ஓட்டுவதே லைட் வேலைதான். மெஷின்தானே எல்லாம் செய்கிறது! பாகத்தை எடுத்து மாட்டுவது மட்டும்தான் ஆளின் வேலை. அந்த மாட்டுகிற வேலையில்தான் முதுகு போனது என்பது அந்தத் தாளில் இருக்காது.

சிகிச்சை செய்த மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நோயாளியைப் பார்த்திருக்கிறார், பட்டறையைப் பார்த்ததில்லை. ஈ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் இறுதிச் சான்றும், எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று சொல்வதற்கானதுதான். எந்த வேலையை எவ்வளவு செய்யலாம் என்பதைச் சொல்ல, அந்த வேலையைத் தெரிந்த ஒருவர் வேண்டும். தொழில்சார் மருத்துவம் படித்த கம்பெனி டாக்டரின் இடம் அதுதான். அவர் எழுதும் பிட்னஸ் சர்டிபிகேட்டில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். எதைச் செய்யக் கூடாது, எந்தத் தேதி வரை, மறுபடி எப்போது பரிசோதனை. மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகவே பார்ப்போம். நாற்பத்திரண்டு வயதான சி.என்.சி. லேத் ஆபரேட்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இடுப்புப் பகுதியில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதால் வலது கால் வரை வலி. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மருந்து, பயிற்சி, ஆறு வாரம் விடுப்பு. இந்தப் பிரச்சினை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், அல்லது மூன்று மாதத்துக்குள், கத்தி வைக்காமலே அடங்கிவிடும். நீண்ட நாள் படுத்தே கிடப்பதால் நன்மை கிடையாது என்பதும் இன்று தெளிவாகிவிட்டது. எனவே முழுக்க வலி போகும்வரை காத்திருக்காமல், ஓரளவு தேறியதும் வேலைக்குத் திரும்புவது நல்லதுதான். ஆனால் எந்த வேலைக்கு?

டாக்டர் பேனாவை எடுக்குமுன் லேத் பக்கம் போய் நிற்கிறார். மாட்டும் பாகம் 12 கிலோ எடையுள்ள ஃபிளேஞ்ச். பேலட் தரையில் கிடக்கிறது. குனிந்து எடுத்து, அப்படியே இடுப்பைத் திருப்பி, சக்கில் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றி, மறுபக்கப் பேலட்டில் வைக்க வேண்டும். ஒரு ஷிப்டில் 90 பாகம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை தூக்க வேண்டும். 180 தடவை, மொத்தம் 2,160 கிலோ. இரண்டு டன்னுக்கு மேல்.

எடை மட்டும் கணக்கில்லை, அது எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்த் அண்டு சேஃப்டி எக்ஸிகியூட்டிவ், ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரு வழிகாட்டிப் படம் வைத்திருக்கிறது. இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 25 கிலோ. அதையே கையை நீட்டிப் பிடித்தால் 15. தரையை ஒட்டியிருந்தால் 10, அங்கேயும் கை நீட்டி எடுப்பதானால் 5. இது சட்ட வரம்பு அல்ல. இதைத் தாண்டினால் அந்த வேலையைக் கொஞ்சம் நின்று ஆராய வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். நம் ஆபரேட்டர் பேலட்டின் மறுகோடியில் இருக்கும் 12 கிலோவை எட்டிக் குனிந்து எடுக்கிறார். முதுகு நன்றாக இருப்பவருக்கே இது அதிகம்.

இப்போது டாக்டர் எழுதுகிறார்:

"2.6.2025 முதல் 13.7.2025 வரை, கீழ்க்கண்ட வரம்புகளோடு வேலை செய்யலாம். 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கையில் எடையோடு இடுப்பைத் திருப்பக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்கவோ உட்காரவோ கூடாது. ஆய்வு மேசையில் அளவு பார்க்கும் வேலை கொடுக்கலாம். மறுபரிசோதனை 7.7.2025, திங்கள் காலை 11 மணி. அதுவரை இந்த வரம்புகளை யாரும் மாற்ற வேண்டாம். கால் மரத்துப்போதல், பலம் குறைதல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டால் தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்."

டிஸ்க் என்ற வார்த்தையே இதில் இல்லை. நோயின் பெயர் மருத்துவக் கோப்பில் இருக்கும். சூப்பர்வைசருக்கும் எச்.ஆர். ஆபீசுக்கும் போகிற தாளில் அது தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது கிலோ, உயரம், நேரம். வலிப்பு நோய் உள்ள ஒருவருக்கு எழுதும்போது இது இன்னும் முக்கியமாகிறது. உயரத்தில் ஏறக் கூடாது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது, ஓடும் மெஷின் பக்கம் தனியாக நிற்கக் கூடாது என்றால் போதும். முதலுதவி தெரிந்த ஒரு சக தொழிலாளியிடம் விஷயத்தைச் சொல்லி வைப்பது நல்லதென்றால், அதைத் தொழிலாளியின் சம்மதத்தோடு தனியாகச் செய்யலாம். தாளில் எழுதினால் கேன்டீன் வரை போய்விடும்.

எழுதாமல் விட்டதையும் கவனியுங்கள். நைட் ஷிப்ட் கூடாது என்று இந்த டாக்டர் எழுதவில்லை. உட்கார்ந்தும் நின்றும் அளவு பார்க்கிற வேலையை இரவில் செய்வதால் முதுகுக்குத் தனியாக ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அதைத் தடுத்தால் அவருடைய ஷிப்ட் அலவன்ஸ் போய்விடும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வரி கூடுதலாகச் சேர்ப்பது டாக்டருக்குப் பாதுகாப்பு, தொழிலாளிக்கு நஷ்டம். ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு காரணம் கேட்டால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாததை எழுதக் கூடாது.

இனி தேதிகள். வரம்பு முடிவது 13-ம் தேதி, மறுபரிசோதனை 7-ம் தேதி. இடையில் ஆறு நாள் விட்டிருப்பது காரணமாகத்தான். நடுத்தர ஆலைகள் பலவற்றில் டாக்டர் தினமும் வருவதில்லை, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து போகிறவராக இருப்பார். அன்றைக்கு வர முடியாமல் போனால் அடுத்த வருகைக்குள் பார்க்க அவகாசம் வேண்டும். ஸ்கேன் தேவைப்பட்டாலும் நாள் ஆகும். சூப்பர்வைசரும் அடுத்த வார ஷிப்ட் சார்ட்டைப் போட வேண்டும். இரண்டும் ஒரே தேதியாக இருந்துவிட்டால், ஏதாவது ஒன்று தவறினாலும் கையில் செல்லுபடியாகும் சான்று இல்லாமல் ஆள் மெஷின் முன்னால் நிற்பார்.

அப்படி நின்றால் அவர் யார்? 14-ம் தேதி காலை தானாகவே முழு வேலைக்குத் தகுதியானவரா, அல்லது பழைய வரம்பு தொடர்கிறதா? சண்டை வருவது இங்கேதான். சூப்பர்வைசர் தாளைக் காட்டுவார்: "தேதி முடிஞ்சிருச்சே அண்ணே, இனி மெஷினுக்கு வந்துருங்க." இவர், "டாக்டர் இன்னும் பார்க்கலையே தம்பி" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே படும். அதனால் சான்றிலேயே அதைச் சொல்லிவிடுவது உத்தமம். கையில் வெட்டுப்பட்டுத் தையல் போட்டவருக்கு, "இரண்டு வாரம் தண்ணீரிலும் எண்ணெயிலும் கை வைக்க வேண்டாம், பிறகு மறுபரிசோதனையின்றி முழு வேலை" என்று எழுதலாம். முதுகு, இதயம், வலிப்பு போன்றவற்றுக்கு, "பரிசோதித்து எழுதும்வரை வரம்பு தொடரும்" என்று எழுத வேண்டும். மேலே எழுதிய நல்ல சான்றில்கூட இந்த வரி விடுபட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு நாள் இடைவெளி கொஞ்சம் காப்பாற்றும், எப்போதும் அல்ல.

இன்னொன்று, கேட்க அற்பமாக இருக்கும். காலை 11 மணி என்று தேதி குறித்தபோது, அந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று பார்த்தார்களா? இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வேலை செய்தவர் பதினோரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். தவறிப்போன பரிசோதனைகளில் எல்லாமே அலட்சியத்தால் தவறியவை அல்ல. மருத்துவ மையத்தில் நர்ஸ் ஒரு பதிவேடு வைத்து, இரண்டு நாள் முன்னால் ஷிப்ட் சார்ட்டைப் பார்த்துக் கூப்பிடும் ஆலைகளில் இது நடப்பதில்லை.

மறுபரிசோதனை நாளில் டாக்டர் முதலில் கேட்க வேண்டியது வலியைப் பற்றி அல்ல. "சொன்னபடி வேலை கொடுத்தார்களா?" என்பதைத்தான். ஐந்து வாரமும் ஆள் பற்றாக்குறையில் 12 கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்றால், வலி இருப்பதை வைத்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு செய்வது தப்பு. அடுத்தது மாத்திரை. தினம் இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டு "பரவாயில்லை சார்" என்கிறவர் தேறியவர் அல்ல. பிறகு படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்திப் பார்ப்பது, குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கச் சொல்வது, கடைசியாக எடை வைத்த பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து படிப்படியாகத் தூக்கச் சொல்வது.

நம் ஆபரேட்டர் தேறியிருக்கிறார். மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆகிறது. புதிய சான்றில் 10 கிலோ வரை, இடுப்பு உயரத்திலிருந்து மட்டும், 3.8.2025 வரை என்று வருகிறது. மறுபரிசோதனை 28.7.2025. இந்த முறை விடுபட்ட வரியும் சேர்கிறது. இதற்கிடையே பேலட்டை இடுப்பு உயரத்தில் நிறுத்த ஓர் இரும்பு ஸ்டாண்ட் செய்து வைக்கிறார்கள். 28-ம் தேதி பரிசோதித்துவிட்டு டாக்டர் "வரம்பு எதுவும் இல்லை" என்றே எழுதுகிறார். ஸ்டாண்டை எடுக்கக் கூடாது என்பதை அந்தச் சான்றில் எழுதாமல், பாதுகாப்புப் பிரிவுக்குத் தனிக் கடிதமாக அனுப்புகிறார். நான் இதைச் சரி என்பேன். தரையில் கிடந்த பேலட் லேத்தின் குறை. அதை ஒரு மனிதரின் மருத்துவக் குறையாகப் பதிவு செய்தால் அவர் இடம் மாறும் நாளில் ஸ்டாண்டும் போய்விடும்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. ஒரே வாசகத்தோடு சான்று மூன்றாவது முறை நீட்டிக்கப்பட்டால், அது தற்காலிகம் அல்ல என்று புரிந்துகொள்ளலாம். சில டாக்டர்கள் தெரிந்தேதான் ஆறு வாரம், ஆறு வாரமாக நீட்டிக்கொண்டு போகிறார்கள். "நிரந்தரம்" என்று எழுதிவிட்டால் அவர் வேலையே போய்விடுமோ என்ற பயம். அரசு நிறுவனங்களில் அந்தப் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 20-வது பிரிவு, பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலைக்கு முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும், பணியிடம் இல்லையென்றால் கூடுதலாக ஒன்றை உருவாக்க வேண்டும். பேருந்து ஓட்டத் தகுதியில்லை என்றாகிவிட்ட போக்குவரத்துக் கழக ஓட்டுநர்கள் மாற்றுப் பணி கேட்டு நீதிமன்றம் போகும் வழக்குகளில் பேசப்படுவது இதுபோன்ற பாதுகாப்பைத்தான். ஆனால் சட்டம் சொல்லும் அளவுக்கான குறைபாடு இருந்தால்தான் அது பொருந்தும். 10 கிலோவுக்கு மேல் தூக்க முடியாத முதுகு அந்த அளவுக்குள் வராமலும் போகலாம். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பிரிவே கிடையாது. அவருக்குச் சங்கத்தின் ஒப்பந்தம், நிர்வாகத்தின் மனசு, காலியாக இருக்கும் மேசை வேலை ஆகியவைதான் துணை. அங்கேயும் சரியான வழி, சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிக் கருத்து வாங்கி, வரம்பை நிரந்தரம் என்று நேராக எழுதி, வருடம் ஒருமுறை மறுபரிசோதனை என்று தேதி குறிப்பதுதான். அந்தத் தாளின் ஒரு நகல் தொழிலாளியின் வீட்டிலும் இருக்க வேண்டும்.