65-க்குக் கீழே மருத்துவச் சான்று எடுபடாது

செமஸ்டர் முடியப் பத்து நாள் இருக்கும்போது கல்லூரி அறிவிப்புப் பலகையில் ‘அட்டென்டன்ஸ் லேக்’ பட்டியல் ஒட்டப்படும். அன்று மாலையே சிலர் மெடிக்கல் சர்டிபிகேட் தேடிக் கிளம்பிவிடுவார்கள். விடுப்பு எடுத்த நாட்களையெல்லாம் அந்தக் காகிதம் வருகையாக மாற்றிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி எதுவும் நடக்காது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளுக்கான 2017-ஆம் ஆண்டு விதிமுறையைப் பார்ப்போம். மொத்த வருகை 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 வரை உள்ளவர்கள், உடல்நலக் குறைவு அல்லது விளையாட்டுப் போட்டியில் பங்கேற்றதற்கான சான்றைக் கல்லூரி முதல்வரின் ஒப்பத்துடன் கொடுத்தால் அனுமதி பெறலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வும் இல்லை, அடுத்த செமஸ்டருக்குப் போகவும் முடியாது.

ஒரு மாணவருக்கு ஒரு செமஸ்டரில் 450 பாடவேளைகள், நாளுக்கு ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே பத்து நாள் கட் அடித்தவருக்கு டெங்கு வந்து பன்னிரண்டு நாள் போகிறது. இழந்தது 132 பாடவேளை. வருகை சுமார் 71 சதவீதம். சான்று இவரைக் காப்பாற்றும். இதே மாணவர் முதலில் பதினேழு நாள் கட் அடித்திருந்தால் வருகை 61 சதவீதமாகிவிடும். டெங்கு உண்மைதான், சான்றும் உண்மைதான், ஆனாலும் பயனில்லை. விட்ட செமஸ்டர் அடுத்த கல்வியாண்டில்தான் மறுபடி வரும் என்பதால், போவது ஆறு மாதமல்ல, ஒரு வருடம்.

கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இந்த 65–74 வரம்புக்குள் இருப்பவர்கள் ‘கண்டொனேஷன்’ கட்டணம் கட்ட வேண்டும். இது வருகையை விலைக்கு வாங்கும் பணமல்ல. குறையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கும் விண்ணப்பத்தோடு செலுத்துவது. 50-க்கும் 64-க்கும் இடையில் இருப்பவர்கள் அங்கே படிப்பைத் தொடரலாம், ஆனால் அந்தத் தாள்களை அடுத்த தேர்வில்தான் எழுத முடியும். 50-க்குக் கீழே என்றால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

சான்றிலும் பொய் எளிதில் பிடிபடும். ‘படுக்கையில் இருந்தார்’ என்று டாக்டர் எழுதிய தேதியில் மாணவர் இன்டர்னல் டெஸ்ட் எழுதியிருப்பார், அல்லது லேப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார். மருத்துவரின் பதிவு எண் இல்லாத சீட்டும் சந்தேகத்தைக் கிளப்பும். மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, உடல்தகுதிச் சான்று ஆகியவற்றைக் கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாளே வகுப்பு ஆலோசகரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பட்டியல் ஒட்டிய பிறகு நீட்டப்படும் சான்று எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், வாங்குபவர் முதலில் பார்ப்பது அதிலுள்ள தேதியைத்தான்.